ஏட்டுச் சுரைக்காயும் பிசானத் தண்ணீரும்

இன்றைய கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வாழ்த்துரை வழங்குவதற்காக அம்பாசமுத்திரத்திலிருந்து இந்த வெயிலிலும் புறப்பட்டு வந்திருக்கும் புலவர் ஐயா அவர்களே, நூலகத் துறையின் சார்பில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, நம் இதழை இத்தனை காலம் அச்சிட்டுத் தந்த அச்சகத்து அண்ணாச்சி அவர்களே, திருநெல்வேலியிலிருந்து மட்டுமல்லாமல் தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்தும் வந்து அரங்கை நிறைத்திருக்கும் வாசகப் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

விடைபெறும் இதழாசிரியன் முதலில் நன்றியைச் சொல்லிவிட வேண்டும். தலைவர் ஐயா அவர்கள் நம் இதழின் ஒவ்வொரு மெய்ப்பையும் ஒரு பைசா வாங்காமல் திருத்திக் கொடுத்தவர்கள். ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்று நம் பக்கங்களில் எது சரியாக இருக்கிறதோ அது அவர்களுடைய சிவப்புப் பென்சிலால் வந்தது. அச்சகத்து அண்ணாச்சி அவர்கள் காகித விலை ஏறிய காலத்தில் நிலுவையைக் கேட்காமல் இதழைக் கட்டி அனுப்பியவர்கள். பாளையங்கோட்டைத் தலைமை அஞ்சலகத்தில் நம் கட்டுகளை வாங்கி முத்திரையிட்ட அஞ்சல் ஊழியர்கள் சிலர் இன்று பின்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் வந்து அமர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாற்காலிகள் இருக்கின்றன. வர இயலாத சூழலில் வாழ்த்துச் செய்தி அனுப்பியிருக்கும் சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கும், இந்த மண்டபத்தை வாடகையின்றித் தந்த நிர்வாகத்தாருக்கும், விழாக் குழுவின் மகளிர் அணியினருக்கும் என் நன்றி உரியது. இன்று நான் பேசுவதை அப்படியே எழுதி, அடுத்த இதழில் ஆசிரியர் பக்கத்தில் என் கடைசிக் குறிப்பாக வெளியிடுவதாக நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆகையால் இங்கு வர இயலாத வாசகர்களையும் முன்னால் வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

மூன்று செய்திகளைப் பற்றிப் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். முதலாவது சந்தா, இரண்டாவது அடுத்து வரும் ஆசிரியர், மூன்றாவது பழைய இதழ்கள்.

சந்தாவிலிருந்து தொடங்குகிறேன். சிற்றிதழ் நடத்துகிறவர்களுக்குக் கட்டுரை எழுதுவது எளிது. முகவரிப் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருப்பதுதான் கடினம். 2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் தென்காசி தனி மாவட்டம் ஆனபோது, முகவரிச் சீட்டுகளில் மாவட்டத்தின் பெயரை மாற்ற வேண்டுமா என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்தன. மாவட்டம் பிரிந்தாலும் தென்காசியின் அஞ்சல் குறியீட்டு எண் 627 என்றே தொடங்குகிறது. கட்டைப் பிரிக்கிற இடத்தில் ஊழியரின் கண் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். மாவட்டப் பெயர் பழையதாக இருந்தாலும் எண் சரியாக இருந்தால் இதழ் போய்ச் சேர்ந்துவிடும். மாவட்டப் பெயர் புதிதாக இருந்து எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் இதழ் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். திரும்பி வருகிற இதழை எவரும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. 'வீடு மாறிவிட்டார்', 'காலமானார்' என்று அதன் மேல் அஞ்சல்காரர் எழுதியிருக்கும் சொல்தான் பதிவேட்டைத் திருத்துவதற்கு நமக்குக் கிடைக்கும் உறுதியான ஆதாரம். நம் மூத்த வாசகர்கள் பலருடைய மறைவை நாம் அப்படித்தான் அறிந்து, அடுத்த இதழில் இரங்கல் குறிப்பு எழுதினோம். ஆயுள் சந்தா பற்றியும் ஒரு சொல். அந்தத் தொகையை வைப்பு நிதியாகப் போட்டு வட்டியை மட்டும் எடுத்துச் செலவு செய்தால் அது தாங்கும். அந்த மாதத்து அச்சுக்கூலிக்கே கொடுத்துவிட்டால், காகித விலை ஏற ஏற, வாங்கிய பணத்துக்கு இதழ் அனுப்ப முடியாத நிலை வரும். தமிழில் பல சிற்றிதழ்கள் இந்த இடத்தில்தான் சாய்ந்தன. சந்தாவைப் பற்றி இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மூன்றாவது செய்திக்கு நேரம் வேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்தப் பழமொழியை நான் ஆசிரியர் பக்கத்தில் எத்தனையோ முறை எடுத்து வைத்து வழக்காடியிருக்கிறேன் என்பது நெடுநாள் வாசகர்களுக்குத் தெரியும். இன்றும் அதே வழக்கைத்தான் கொண்டு வந்திருக்கிறேன். ஏட்டில் இருந்த சுரைக்காய் ஓர் ஊருக்கே கறியானதை நான் கண்ணால் பார்த்தவன். அதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கக் கூடாது.

பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் ஒரு சிற்றூர். ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கால்வாயிலிருந்து தண்ணீர் வந்து நிறையும் குளம் ஒன்று அந்த ஊருக்கு உண்டு. குளத்துக்கு மேலமடை, நடுமடை, கீழமடை என்று மூன்று மடைகள். ஒரு பிசானப் பருவத்தில், நாற்று நட்டு முடிந்த பிறகு, பாபநாசம் அணையில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போயிற்று. 143 அடி அணை அது. நிறைந்து நிற்கிற ஆண்டுகளில் எந்த மடைக்கு எப்போது தண்ணீர் என்று கேட்பார் இருப்பதில்லை. குறைந்த ஆண்டில்தான் முறை வைக்க வேண்டும். முறை வைப்பது என்றால் எந்த மடையை முதலில் திறப்பது, எத்தனை நாள் திறந்து வைப்பது என்று ஊர் ஒப்புக்கொண்டு நடப்பது. அந்த முறையைத் தலைமுறையாக மனத்தில் வைத்திருந்த நீர்பாய்ச்சி, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார். அவருடைய பிள்ளைகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார்கள்.

மேலமடைக்காரர்கள், 'தண்ணீர் மேலிருந்து கீழே வருவது, முதல் முறை எங்களுடையது' என்றார்கள். கீழமடைக்காரர்கள், 'எங்கள் தாத்தா காலத்தில் கடைசி வயலிலிருந்துதான் தொடங்கினார்கள்' என்றார்கள். நடுமடைக்காரர்கள் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். இரவில் மடைப் பலகையைப் பிடுங்குவது, காலையில் மற்றவர் வந்து அடைப்பது என்று போய், ஒரு நாள் மண்வெட்டி ஓங்குகிற அளவுக்கு வந்துவிட்டது. வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனார்கள். பொதுப்பணித் துறை அலுவலகத்துக்குப் போனார்கள். கால்வாயிலிருந்து குளத்துக்கு வரும் தண்ணீரைப் பற்றிய தாள் அங்கே இருந்தது. குளத்திலிருந்து வயலுக்குப் போகும் முறையைப் பற்றி ஒரு வரி கூட இல்லை, ஏனென்றால் அது என்றைக்கும் ஊர் வழக்கமாகவே இருந்தது. அலுவலர் பொறுமையாகவே சொன்னாராம்: 'எழுத்தில் ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள், அதன்படி பேசி முடிப்போம்.'

எழுத்துக்கு எங்கே போவது? அப்போதுதான் கீழமடையில் அரைக்கோட்டை விதைப்பாடு மட்டுமே வைத்திருந்த ஒரு பெரியம்மா, 'அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் நீர்பாய்ச்சியைக் குளக்கரையில் உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினாரே, அது புத்தகத்தில் வந்தது என்று சொன்னார்களே' என்று நினைவுபடுத்தினார். புத்தகம் என்று அந்த அம்மா சொன்னது நம் இதழைத்தான். ஊரிலிருந்து ஒரு வேனில் பதினைந்து பேர் வந்து நம் அலுவலகப் படியேறினார்கள். மேலமடை, கீழமடை இரு தரப்பும் ஒரே வேனில் வந்தார்கள். அதுவே எனக்குப் பெரிய செய்தியாகத் தெரிந்தது.

எந்த ஆண்டு, எந்த மாதம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நம்மிடம் அடைவு கிடையாது. ஆண்டுக்கொரு தொகுதியாகக் கட்டி வைத்திருந்த இதழ்களை எல்லாருமாகத் தரையில் உட்கார்ந்து புரட்டினோம். நண்பகல் ஆயிற்று, மாலை ஆயிற்று. வந்தவர்களில் பாதிப் பேர் தேட வந்ததை மறந்து, தங்கள் ஊர்க் கொடை அறிவிப்பையும், மறைந்த பெரியவர்களின் படத்தையும் படித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஓர் இதழில், 'சென்ற இதழில் வெளியான மடைமுறைக் கட்டுரை அருமை' என்று ஒரு வாசகர் கடிதம் கிடைத்தது. ஆசிரியருக்கு வரும் கடிதங்களை ஏன் அச்சிடுகிறீர்கள், இடம் வீண் என்று சொல்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கடிதம் இருந்த இதழுக்கு முந்தைய இதழைத் தேடினோம். தொகுதியில் அந்த ஓர் இதழ் மட்டும் இல்லை. எப்போதோ எவரோ இரவல் வாங்கிப் போயிருக்கிறார்.

பதிவேட்டைத் திறந்து, அந்த ஆண்டில் சந்தா கட்டியவர்களில் யார் இன்னும் இருக்கிறார்கள் என்று பார்த்து ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கேட்டோம். எடைக்குப் போட்டுவிட்டோம் என்றவர்கள் பலர். வெள்ளையடித்தபோது போய்விட்டது என்றவர்கள் சிலர். கல்லிடைக்குறிச்சியில் ஒரு வாசகர், 'எங்கள் வீட்டு அலமாரித் தட்டில் விரித்திருக்கிறது, பார்க்கிறேன்' என்றார். அப்பளக் கட்டுகளுக்கு அடியில் விரித்திருந்த தாளை உருவி, எண்ணெய் ஏறிய அந்தப் பக்கங்களை ஒரு பையனிடம் கொடுத்துப் பேருந்தில் அனுப்பி வைத்தார். ஓர் ஓரம் கத்தரித்திருந்தது. ஆனால் கட்டுரை முழுவதும் இருந்தது.

கோயில் முன்னால் ஊர் கூடியது. என்னையே படிக்கச் சொன்னார்கள். நீர்பாய்ச்சி சொன்னதை வாத்தியார் அவருடைய பேச்சாகவே எழுதியிருந்தார். மடைக்கல்லில் படிகள் வெட்டியிருக்கின்றன. தண்ணீர் மூன்றாம் படியை மூடி நிற்கிற வரைக்கும் மேலமடையிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாம் படி வெளியே தெரிந்துவிட்டால் அன்றிலிருந்து கீழமடைக்குத்தான் முதல் முறை. கீழமடைக்கு மூன்று நாள், நடுமடைக்கு இரண்டு நாள், மேலமடைக்கு இரண்டு நாள், மறுபடி கீழமடை. காரணத்தையும் அவர் சொல்லியிருந்தார்: தண்ணீர் குறையும்போது மேலிருந்து தொடங்கினால் வாய்க்கால் மணலே பாதியைக் குடித்துவிடும், கடைசி வயலுக்கு ஈரம்கூடப் போகாது, கடைசியிலிருந்து தொடங்கினால் வாய்க்கால் முழுவதும் ஒரு தரம் நனைந்துவிடும், பிறகு மேல் வயலுக்குக் கொஞ்சம் தண்ணீரே போதும்.

நான் படித்து நிறுத்தியதும் எவரும் பேசவில்லை. மேலமடைக்காரர்கள் சொன்னதும் சரி, கீழமடைக்காரர்கள் சொன்னதும் சரி. இரண்டு தாத்தாக்களும் உண்மையைத்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நடுவில் இருந்த மூன்றாம் படியை மட்டும் ஊர் மறந்திருந்தது. டார்ச் விளக்கோடு பத்துப் பேர் குளத்துக்குப் போனார்கள். மூன்றாம் படி வெளியே தெரிந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை கீழமடை திறந்தது. அந்தப் பிசானத்தில் மூன்று மடையிலும் அறுவடை ஆயிற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று இனி ஒருவர் சொன்னால், அந்த ஊர்க்காரர்களிடம் அனுப்பி வையுங்கள்.

இந்தக் கைத்தட்டல் எனக்குரியது அல்ல. அதை எழுதிய வாத்தியாருக்கும், அலமாரியில் விரித்திருந்தவருக்கும் உரியது.

இப்போது நான் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். அந்தத் தாள் கிடைத்ததில் நம்முடைய பங்கு என்ன? நம் தொகுதியில் அது இல்லை. எந்தப் பொது நூலகத்திலும் அது இல்லை. அடைவு இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கக் கூடிய மாதத்தை ஒரு நாள் முழுவதும் தேடினோம். பருவ இதழ்களைப் பொது நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று நாட்டில் சட்டமே இருக்கிறது. 1954ஆம் ஆண்டு வந்த அந்தச் சட்டம் 1956இல் திருத்தப்பட்டு இதழ்களையும் உள்ளடக்கியது. கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம், மும்பையிலும் டெல்லியிலும் ஒவ்வொரு நூலகம் என நான்கு இடங்களுக்கு வெளியீட்டாளர் தம் செலவில் இதழை அனுப்ப வேண்டும். ஐந்நூறு படி அச்சிடுகிற சிற்றிதழ்களில் இதைச் செய்கிறவை மிகக் குறைவு. இனி நம் இதழ் தவறாமல் செய்ய வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

தனி மனிதர் ஒருவர் பாதுகாத்ததால் எவ்வளவு மிஞ்சும் என்பதற்குச் செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா அவர்களைச் சொல்ல வேண்டும். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு, மற்றவர்கள் குப்பையில் போடுகிற பழைய இதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகத் தொடங்கப்பட்டது. நம் திருநெல்வேலி டவுனில், சுடலைமாடன் கோயில் தெருவில் வாழ்ந்த தி.க.சி. அவர்கள் தமிழ்நாடெங்கும் இளம் எழுத்தாளர்களுக்கு அஞ்சலட்டைகளாக எழுதிக் குவித்தார்கள். அந்த அட்டைகள் இன்று எத்தனை வீட்டு டிரங்குப் பெட்டிகளில் இருக்கின்றன, எத்தனை எடைக்குப் போயின என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வருவதில்லை.

பாதுகாப்பது என்றால் பூட்டி வைப்பது அல்ல. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நம்மில் ஒவ்வொருவரும் எங்கே இருந்தோம் என்பது நமக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டி ஊருக்குள் வந்தது. வண்ணார்பேட்டையில் கீழ்த்தளத்தில் இருந்த நம் அலுவலகத்தில் அலமாரியின் கீழ் இரண்டு தட்டுகள் மூழ்கின. தண்ணீர் வடிந்து கதவைத் திறந்தபோது, தொகுதிகள் உப்பி, தட்டில் இறுகிப் போயிருந்தன. முதுகைப் பிடித்து இழுத்தால் கட்டு கிழிந்து கையோடு வந்துவிடும் என்று நூலகர் அம்மா அவர்கள் தொலைபேசியில் சொன்னதால், தட்டின் பக்கப் பலகையை முதலில் கழற்றினோம். அவர்கள் சொன்னபடியேதான் மற்றதையும் செய்தோம். அதை இங்கே விரிவாகச் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் ஒரு நாள் உதவும்.

நனைந்த தாளில் இரண்டு நாளைக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். முதலில் மக்கிய வாடை வரும், பிறகு சாம்பல் நிறத்திலும் பச்சை நிறத்திலும் புள்ளிகள் தெரியும். ஆகையால் அன்றைக்கே உலர்த்த முடிகிற அளவை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, மீதியைப் பிளாஸ்டிக் பையில் இட்டு உறையும் குளிரில் வைத்துவிட வேண்டும். குளிரில் பூஞ்சணம் வளராது. வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். தெருமுனை ஐஸ்கிரீம் கடைக்காரர் தம்பி, மின்சாரம் வந்ததும் தம் உறைபெட்டியில் பாதியை நமக்காக ஒழித்துக் கொடுத்தார். வெளியே வைத்ததை வெயிலில் போடவில்லை. வெயிலில் காய்ந்த தாள் நெளிந்து மொடமொடத்துப் போகும். மின்விசிறிக்குக் கீழே தொகுதியைச் சற்று விரித்து நிறுத்தி, சில தாள்களுக்கு ஒன்றாக அச்சிடாத வெள்ளைத் தாளைச் செருகி, அது ஈரம் ஏறியதும் மாற்றிக்கொண்டே இருந்தோம். அச்சிட்ட செய்தித்தாளைச் செருகினால் அதன் மை நம் பக்கத்தில் ஒட்டிவிடும். உள்பக்கங்கள் பெரும்பாலும் பிழைத்தன. பளபளப்பான அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகிவிட்டன. அவற்றைப் பிரிக்க முடியவில்லை. அந்த வகைத் தாளை ஈரமாக இருக்கும்போதே பிரித்தால்தான் உண்டு, காய்ந்த பிறகு வழியில்லை. முகவரிப் பதிவேட்டில் மைப்பேனாவால் எழுதிய பெயர்களெல்லாம் கரைந்து போயின. பந்துமுனைப் பேனாவால் எழுதியவை அப்படியே நின்றன. அடுத்த ஆசிரியர் அவர்கள் பதிவேட்டில் மைப்பேனாவைத் தொட வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளம் வராத ஆண்டிலும் தாள் தன் போக்கில் அழிந்துகொண்டுதான் இருக்கிறது. மலிவான செய்தித்தாள் காகிதம் மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்வது. மரத்தின் லிக்னின் என்ற பொருள் அதில் தங்கியிருப்பதால் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகி, பிறகு மடித்த இடத்தில் ஒடிகிறது. நடுவில் அடித்த கம்பிப் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்கிறது. கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டுகிறார்கள். சில ஆண்டுகளில் பட்டை உதிர்ந்து, பசை மட்டும் பழுப்புக் கறையாகத் தாளில் ஊறி நின்றுவிடும். லேமினேஷன் செய்து தருகிறேன் என்று வருகிறவர்களையும் திருப்பி அனுப்பிவிடுங்கள், அதை மறுபடி எடுக்க முடியாது. பின்னைக் கழற்றிவிட்டு, பருத்தி நூலால் தைத்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலும் சுவரிலிருந்து சற்றுத் தள்ளியும் வைத்தாலே கரையானும் ஈரமும் எளிதில் அண்டாது.

ஸ்கேன் செய்துவிட்டால் போதாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். செய்ய வேண்டியதுதான். கைப்பேசியில் எடுத்தால் நடு மடிப்பில் நிழல் விழுந்து எழுத்து மறைகிறது. ஸ்கேனரில் 300 டிபிஐ அளவில் எடுத்து, கோப்பின் பெயரிலேயே ஆண்டும் மாதமும் வருமாறு வைக்க வேண்டும். ஆனால் ஆயிரக்கணக்கான படங்கள் ஒரு கணினியில் கிடந்தால், அந்த ஊர்க்காரர்கள் மறுபடி வேனில் வரும்போது மறுபடி ஒரு நாள் முழுவதும் புரட்டத்தான் வேண்டும். அடைவு இல்லாத தொகுதியில்தான் சுரைக்காய் ஏட்டிலேயே தங்கிவிடுகிறது. நமக்கு வேண்டியது ஊர்ப்பெயர் அடைவு. எழுதியவர் பெயராலும் கட்டுரைத் தலைப்பாலும் மட்டும் அடைவு போட்டால் நம் இதழுக்குப் பயன்படாது, ஏனென்றால் நம்மிடம் கேட்டு வருகிறவர் 'எங்கள் ஊரைப் பற்றி ஏதாவது வந்ததா' என்றுதான் கேட்பார். மடைமுறைக் கட்டுரைக்கு வைத்திருந்த தலைப்பில் மடை என்ற சொல்லும் இல்லை, ஊரின் பெயரும் இல்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சேரன்மகாதேவி என்று ஒருவர் எழுதுவார், சேரன்மாதேவி என்று மற்றொருவர், சேர்மாதேவி என்று மூன்றாமவர். ஸ்ரீவைகுண்டம் என்றும் திருவைகுண்டம் என்றும் வரும். மூன்று வடிவத்துக்கும் மூன்று அட்டை போட்டால் தேடுகிறவர் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஒரு வடிவத்தைத் தலைப்பாக வைத்து, மற்றவற்றிலிருந்து 'இதைக் காண்க' என்று வழிகாட்ட வேண்டும். ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருந்தால் வட்டத்தையும் சேர்த்து எழுத வேண்டும். ஊருக்குக் கீழே குளம், கால்வாய், கோயில், பள்ளி, ஆட்கள் என்று பிரித்து, ஆண்டு, மாதம், பக்கம் மூன்றையும் குறிக்க வேண்டும். ஓர் ஆண்டு இதழ்களுக்கு அடைவு போட, நாள்தோறும் ஒரு மணி நேரம் உட்காரக்கூடிய ஒருவருக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இந்த வேலைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர்களைவிடத் தகுந்தவர்கள் இல்லை. தலைவர் ஐயா அவர்களும் மறுக்க மாட்டார்கள் என்று நம்பி இந்த மேடையிலேயே கேட்கிறேன். ஐயா தலையசைப்பதைச் சபை பார்த்துக்கொண்டது.

நேரம் ஆகிவிட்டது என்று விழாக் குழுச் செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். அடுத்த ஆசிரியரைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். அவர்கள் இன்று மேடையில் இருக்கிறார்கள், அவர்களே பேசுவார்கள். 1867ஆம் ஆண்டின் பழைய அச்சுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம் 2024 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆசிரியர் மாற்றத்தை அதன்படி வெளியீட்டாளர் முறையாகத் தெரிவிப்பார். அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில், ஆசிரியர் என்ற இடத்தில் அவர்களுடைய பெயர் இருக்கும். எனக்கு எழுதுகிற கடிதங்களை இனி அவர்கள் பெயருக்கே எழுதுங்கள். ஒரு கடிதத்தையும் தூக்கிப் போடாதீர்கள் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

நம் தொகுப்பில் இல்லாத இதழ்களின் பட்டியலை வாசலில் மேசை மேல் வைத்திருக்கிறோம். போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்து இதழ் உங்கள் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ அலமாரித் தட்டிலோ இருந்தால், கிழிந்திருந்தாலும் எண்ணெய் பட்டிருந்தாலும் ஒட்டாமல், வெட்டாமல், இருக்கிறபடியே கொண்டு வாருங்கள். ஸ்கேன் செய்த பிறகு திரும்ப வேண்டும் என்பவர்களுக்குத் திருப்பித் தருவோம். கொடுத்துவிடுகிறேன் என்பவர்களின் இதழ்கள் தைத்துக் கட்டி நூலகத்துக்குப் போகும். வாங்கிக்கொள்ள நூலகர் அம்மா அவர்கள் இசைந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணி முதல் அலுவலகத்தில் நானே உட்கார்ந்திருப்பேன். அலுவலகம் இப்போது மாடியில் இருக்கிறது. படியேற இயலாத பெரியவர்கள் கீழேயிருந்து குரல் கொடுத்தால் இறங்கி வந்து வாங்கிக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.